கிரான் பணிகளும் கடிகார மாற்றமும்

கிரான் என்பது யூனிக்ஸ் வகைக் கணினிகளில், குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நிமிடத்துக்கு ஏதாவது பணி எழுதியிருக்கிறதா என்று தேடும். கடிகாரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளில் இதனால் சில பணிகள் விடுபட்டன; சில இரண்டு முறை ஓடின.

கோடைக்கால நேரம் கிரானைவிட மிக மூத்தது. ஜெர்மனி அதை 1916-லும் அமெரிக்கா 1918-லும் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்ற நாட்கள். நேரம் அதிகாலை 2 மணி. ஊர் உறங்கும் அதே நேரத்தைத்தான் சர்வர் நிர்வாகிகளும் பேக்கப் எடுக்கத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதுதான் வினை.

நியூயார்க் நேரத்தில் இயங்கும் ஒரு சர்வரில் இப்படி எழுதியிருப்பதாகக் கொள்வோம்:

```
30 2 * * * /usr/local/bin/backup.sh
30 1 * * * /usr/local/bin/interest.sh
```

2024 மார்ச் 10 அன்று 1:59-க்கு அடுத்த நிமிடம் 3:00. அன்று 2:30 என்ற நேரமே இல்லை. பழைய கிரான் பேக்கப்பை ஓட்டாது. பிழைச் செய்தியும் தராது. நவம்பர் 3 அன்று 1:30 இரண்டு முறை வரும், ஒரு மணி நேர இடைவெளியில். வட்டியும் இரண்டு முறை ஏறும். லாகில் இரண்டு வரிகளிலும் 01:30 என்றே இருக்கும். `-0400`, `-0500` என்ற வேறுபாட்டையும் சேர்த்துப் பதிந்திருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

பால் விக்ஸி 1987-ல் எழுதிய கிரானின் வழிவந்த டெபியன் வடிவம் இதற்கு ஒரு வழி செய்தது. மாற்றம் 3 மணி நேரத்துக்குள் இருந்தால், விடுபட்ட பணியை உடனே ஓட்டும். திரும்பி வரும் நேரத்தில் மறுபடி ஓட்டாது. ஆனால் மணி அல்லது நிமிட இடத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இந்தக் காப்பு கிடையாது. `*/30 1 * * *` என்ற பணி நவம்பர் 3 அன்று நான்கு முறை ஓடும்.

சர்வரை யுடிசி நேரத்தில் வைத்தால் தாவலே இல்லை. பேக்கப்புக்கு அதுவே போதும். நியூயார்க் அலுவலக நேரத்தை ஒட்டி ஓடவேண்டிய பணிக்கு அது உதவாது: யுடிசி 6:30 அங்கே கோடையில் 2:30, குளிர்காலத்தில் 1:30. எனவே உள்ளூர் நேரத்தை வைத்துக்கொண்டு 1 முதல் 3 மணி வரை எதையும் வைக்காமல் தவிர்ப்பதும், அன்றைய தேதிக்கு வட்டி ஏறிவிட்டதா என்று பணியே பார்த்துக்கொள்வதும் வழக்கமாயின. இரண்டாவதே உறுதியானது.

காரணம், எல்லா மாற்றமும் 2 மணிக்கு வருவதில்லை. கோடைக்கால நேரம் இல்லாத இலங்கையில் 2006 ஏப்ரல் 15 அன்று 00:30 மணிக்குக் கடிகாரம் 00:00-க்குத் திரும்பியது. 00:15 அங்கே இருமுறை வந்தது. இத்தகைய மாற்றங்களை 1986-ல் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளம் தொகுத்துவருகிறது. ஒரு கணினியிலுள்ள பிரதிக்கு இம்மாற்றம் தெரியுமா என்று `zdump -v Asia/Colombo` காட்டிவிடும்.