ஜெய்ப்பூர் கால்
இறப்பர், மரம் ஆகியவற்றால் ஆன குறைந்த விலைச் செயற்கைப் பாதம். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூர் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கினர். வெறுங்காலுடன் நடக்கலாம், சம்மணமிடலாம். யாழ்ப்பாண ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் இம்முறையில் கால்கள் வழங்கிவருகிறது.

முழங்காலுக்குக் கீழ் காலை இழந்தவருக்கு, எஞ்சிய காலைப் பாரிஸ் சாந்தில் அச்செடுப்பார்கள். சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் குழாயை அச்சின்மேல் இழுத்துப் பொருத்தினால் எஞ்சிய காலை ஏற்கும் கிண்ணம் உருவாகும். முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரத்தைத் தாங்கும். எலும்பு நுனி தாங்கக்கூடாது.

செயற்கைக் காலைப் பொருத்தியதும் இரு இடுப்பெலும்புகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்ப்பார்கள். சற்று நடக்கவைத்துக் கழற்றித் தோலைச் சோதிப்பார்கள். சிவப்பு சுமார் 10 நிமிடத்தில் மறைய வேண்டும். எலும்பு முனையில் நீடித்தால் கிண்ணத்தைத் திருத்த வேண்டும்.

எஞ்சிய கால் மாதங்களில் சுருங்கும். கிண்ணம் தளர்ந்தால் காலுறை சேர்க்கலாம். அதுவும் போதாவிட்டால் புதிய அச்சு எடுக்க வேண்டும்.