நீரிழிவுச் சிறுநீரக நோய்

நீண்டகால நீரிழிவினால் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைவதே நீரிழிவுச் சிறுநீரக நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, கேரளத்தில் பெரியவர்களில் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளில் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்து சேர்பவர்களில் பலருக்கு நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அது வலிக்காது; கால் வீக்கமும் தாமதமாகத்தான் வரும்.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுபவை நுண்குழாய்க் கொத்துகள். ஒவ்வொரு கொத்துக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாயும் வெளியேற ஒரு குழாயும் உண்டு. நீரிழிவில் உள்வரும் குழாய் விரிகிறது, வெளியேறும் குழாய் இறுகுகிறது. கொத்துக்குள் அழுத்தம் ஏறி, ரத்தத்தில் தங்கியிருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. பலருக்குக் கிரியாட்டினின் உயர்வதற்கு வெகுமுன்பே இந்தக் கசிவு தெரியும்.

வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பட்டை இதைக் காட்டித் தருவதில்லை. ஆரம்பக் கசிவு அதற்கு அகப்படாத அளவு சிறியது. ‘யூரின் நார்மல்’ என்ற தாளை நம்பி இருந்துவிடுவது இதனால்தான் ஆபத்து. கேட்க வேண்டியது ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஆய்வகங்களில் ‘மைக்ரோ ஆல்புமின்’ என்றும் எழுதுவார்கள். காலை முதல் சிறுநீர் சிறந்தது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவு இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையானது.

விகிதம் எதற்கு? ஒருவரின் சிறுநீரில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் ஆல்புமினும் 0.6 கிராம் கிரியாட்டினினும் இருக்கின்றன என்று கொள்வோம், விகிதம் 40. அவரே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஆல்புமின் 12 என்று வரும், பார்க்க நல்லதாகவே தோன்றும். ஆனால் கிரியாட்டினினும் 0.3 ஆகியிருக்கும், விகிதம் அதே 40தான். ஆனாலும் ஒரே சோதனையில் முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய், மிக உயர்ந்த சர்க்கரை ஆகியவையும் எண்ணை ஏற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று சோதனைகளில் குறைந்தது இரண்டில் எண் உயர்ந்திருந்தால்தான் உறுதி. இரண்டாம் வகை நீரிழிவில் நோய் கண்டறிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும். முதல் வகையில் ஐந்தாண்டு கழித்துத் தொடங்கினால் போதும்.

கசிவு உறுதியானால் ரத்த அழுத்தத்தை 130/80க்குக் கீழே கொண்டுவருவது பொதுவான இலக்கு. எந்த மாத்திரையால் குறைக்கிறோம் என்பதும் முக்கியம். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை வெளியேறும் குழாயைத் தளர்த்திக் கொத்துக்குள்ளிருக்கும் அழுத்தத்தையே இறக்குகின்றன. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் லோசார்ட்டன், சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதை 28 சதவீதம் குறைத்தது.

அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். அதனால் மருந்து தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். இங்கேதான் பலர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 1.0 இருந்தது 1.2 ஆனால் அது மருந்து வேலை செய்வதன் விளைவாக இருக்கலாம், தொடரலாம். 1.4 ஆனால் கதை வேறு. உயர்வு 30 சதவீதத்தைத் தாண்டினால் நீரிழப்பு, வலி மாத்திரை, சிறுநீரகத் தமனி அடைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். கூடவே பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். லோசார்ட்டன் வகையையும் ராமிப்ரில் வகையையும் சேர்த்துக் கொடுப்பது 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் கைவிடப்பட்டது. அதில் கசிவு குறைந்தாலும் பொட்டாசியம் ஏறுவதும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் அதிகமாயின. கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் அடுத்த தலைமுறை. அவை உள்வரும் குழாயைச் சுருக்கி அதே அழுத்தத்தை மறுபக்கத்திலிருந்து குறைக்கின்றன. அதே இனத்தைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின், 2019இல் வெளியான ஓர் ஆய்வில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பெருங்கேடுகளை 30 சதவீதம் குறைத்தது. சிறுநீரகம் தளர்ந்த பின் இவை சர்க்கரையை அவ்வளவாக இறக்காது, ஆனாலும் சிறுநீரகத்தைக் காக்கின்றன. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, பட்டினி, அறுவைச் சிகிச்சை ஆகிய சமயங்களில் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம்; இல்லாவிட்டால் கீட்டோன் ஏறும் ஆபத்து உண்டு. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025இலும் முடிந்ததால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது.

கேரளத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அங்கே வீட்டு முற்றங்களில் காய்க்கும் இரும்பன் புளியின் சாற்றைக் கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். இப்படித் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி ஐந்து கேரள மருத்துவமனைகளின் மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. குழம்பில் போடும் காய் வேறு, கோப்பை கோப்பையாகக் குடிக்கும் சாறு வேறு. கிரியாட்டினின் சில நாட்களில் எகிறினால் அது நீரிழிவின் நடையல்ல; நோயாளி என்ன குடித்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.