அடிப்படை எது? ஒப்பீட்டு அறிக்கை, பொது அளவு அறிக்கை, போக்குப் பகுப்பாய்வு ஆகியவற்றின் வளர்ச்சி: குன்றத்தூர்த் தொழிற்சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்குப்பதிவியலில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு படிக்கும் மாணவர்கள் மூன்று கருவிகளை அடுத்தடுத்துச் சந்திக்கிறார்கள்: ஒப்பீட்டு அறிக்கை, பொது அளவு அறிக்கை, போக்குப் பகுப்பாய்வு. மூன்றிலும் சதவீதம் காணவேண்டும், மூன்றும் கட்டம் போட்டு எழுதப்படுகின்றன. அதனால் இவை ஒரே வேலையைச் செய்யும் மூன்று வடிவங்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். தேர்வில் நேரும் பிழைகளில் பெரும்பகுதிக்கு இந்த எண்ணமே காரணம்.

இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடையாகப் பிறந்தவை என்பதையும், அவற்றைப் பிரிப்பது சதவீதத்தின் அடியில் நிற்கும் அடிப்படைத் தொகையே என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது. அதற்கான எடுத்துக்காட்டு குன்றத்தூரை ஒட்டிய திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் காணப்படும் வகையிலான ஒரு சிறு ஆலை. அதன் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அந்த எண்களைப் புரட்டிப்போடும் வரி மாற்றம் உண்மையில் நடந்தது.

கடன் கொடுப்பவரின் கேள்வி

இக்கருவிகள் வகுப்பறையில் தோன்றவில்லை. கடன் கொடுத்த வங்கியாளரின் மேசையில் தோன்றின. 1895-இல் நியூயார்க் மாநில வங்கியாளர் சங்கம், கடன் கேட்பவர் தம் சொத்து, பொறுப்பு விவரத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்று கேட்குமாறு தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. அறிக்கைகள் ஆண்டுதோறும் வந்து சேரத் தொடங்கியதும், சென்ற ஆண்டின் தாளையும் இந்த ஆண்டின் தாளையும் தனித்தனியே பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிரல்படுத்தினார்கள். இதுவே ஒப்பீட்டு அறிக்கையின் தொடக்கம். "போன வருஷத்தைவிட இந்த ஆள் நிலைமை எப்படி?" என்பதே அதன் கேள்வி. ஆகவே அதன் அடிப்படை முந்தைய ஆண்டின் அதே இனத்தின் தொகை.

அடுத்த கேள்வி வேறு விதமானது. பெரிய கடையும் சிறிய கடையும் ஒரே வங்கியில் கடன் கேட்கும்போது ரூபாயை ரூபாயோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அளவு வேறுபாட்டை நீக்கிவிட்டு அமைப்பை மட்டும் பார்க்கவேண்டும். 1919-இல் அலெக்சாண்டர் வால் 981 நிறுவனங்களின் அறிக்கைகளைத் தொழில்வாரியாகவும் வட்டாரவாரியாகவும் தொகுத்து விகிதங்களை வெளியிட்டார். தொகைகளை விகிதங்களாக்கினால் வெவ்வேறு அளவுள்ள நிறுவனங்களை ஒன்றாக வைத்துப் பேசலாம் என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. பொது அளவு அறிக்கை இந்தச் சிந்தனையின் முழு வடிவம். வருமான அறிக்கையில் விற்பனை மூலம் பெற்ற வருவாயும், இருப்புநிலைக் குறிப்பில் மொத்தமும் 100 எனக் கொள்ளப்படும். மற்ற இனங்கள் எல்லாம் அந்த 100-இன் பங்குகளாக மாறும்.

மூன்றாவது கருவிக்கு வழிவகுத்தது விகிதங்களின் மேல் எழுந்த ஐயம். 1925-இல் வெளிவந்த நூலில் ஸ்டீபன் கில்மன் ஓர் எளிய மறுப்பை முன்வைத்தார். ஒரு விகிதம் மாறினால், மாறியது மேலே உள்ள எண்ணா கீழே உள்ள எண்ணா என்பது அந்த விகிதத்தைப் பார்த்துத் தெரியாது. எனவே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே, ஒரே அடிப்படை ஆண்டை 100 ஆகக் கொண்டு, ஆண்டுகளின் ஊடே தொடரவேண்டும் என்றார். போக்குப் பகுப்பாய்வுக்கு அவர் தந்த காரணம் இதுதான்.

இந்தியாவில் இவை நிலைபெற்ற விதம்

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை, ஒவ்வோர் இனத்துக்கும் முந்தைய ஆண்டின் தொகையையும் தரவேண்டும் என விதித்தது. இன்றைய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் அவ்வாறே கேட்கிறது. ஒப்பீட்டு அறிக்கைக்கு வேண்டிய இரண்டு நிரல்கள் சட்டத்தின் வழியாகவே கைக்கு வந்துவிடுகின்றன. மாணவர் சேர்ப்பது வேறுபாட்டுத் தொகை, வேறுபாட்டுச் சதவீதம் என்ற இரண்டை மட்டுமே.

சிறு ஆலைகளை இக்கருவிகள் எட்டியது வங்கி வழியே. நடைமுறை மூலதனக் கடனை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட தாண்டன் குழுவின் 1975 அறிக்கை, ஒரு தொழில் வைத்திருக்கத்தக்க சரக்கிருப்பை ரூபாயில் சொல்லாமல் இத்தனை மாத நுகர்வு என்றும், வரவேண்டிய பாக்கியை இத்தனை மாத விற்பனை என்றும் சொன்னது. பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் பொது அளவுச் சிந்தனையே இதிலும் இருக்கிறது. அடிப்படை மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது.

ரிசர்வ் வங்கி 1997-இல் கடன் வரம்பைக் கணக்கிடும் முறையை வங்கிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஆனால் படிவங்கள் மறையவில்லை. திருமுடிவாக்கத்து ஆலை உரிமையாளர் ஒருவர் கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போனால், அவருடைய ஆடிட்டர் இன்றும் 'சி.எம்.ஏ.' படிவங்களைத் தயாரிக்கிறார். அவற்றில் இரண்டாம் படிவம் மொத்த விற்பனை, அதில் கழிக்கவேண்டிய கலால் வரி, நிகர விற்பனை என்ற வரிசையில் தொடங்குகிறது. அடுத்த வரியில் நிகர விற்பனை சென்ற ஆண்டைவிட எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று கேட்கிறது. அந்த 'நிகர' என்ற சொல்லில்தான் இவ்வாய்வின் மையம் இருக்கிறது.

ஓர் ஆலை, இரு விடைகள்

கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை, உற்பத்தியாளர் விற்ற பொருளின் விலையில் கலால் வரியும் அடங்கியிருந்தது. அப்போதைய பொது விகிதம் 12.5%. கணக்கில் மொத்த வருவாய் வரியோடு காட்டப்பட்டது. ஜி.எஸ்.டி. அரசுக்காக வசூலிக்கும் தொகையாகவே கருதப்படுவதால் வருவாயில் சேர்வதில்லை.

தொகை லட்சம் ரூபாயில்:

| இனம் | 2016-17 | 2017-18 | 2018-19 |
|---|---|---|---|
| மொத்த வருவாய் | 450 | 412.5 | 420 |
| அதில் கலால் வரி | 50 | 12.5 | – |
| நிகர வருவாய் | 400 | 400 | 420 |
| மூலப்பொருள் நுகர்வு | 240 | 240 | 252 |

2017-18-இல் கலால் வரி முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும், அதாவது 100 லட்சம் விற்பனைக்கு மட்டும், இருந்தது.

மாணவர் ஒருவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு 2016-17-ஐயும் 2018-19-ஐயும் ஒப்பிடுகிறார். ஒப்பீட்டு அறிக்கை 30 லட்சம் குறைவு, அதாவது 6.7% வீழ்ச்சி என்கிறது. பொது அளவு அறிக்கையில் மூலப்பொருளின் பங்கு 53.3%-இலிருந்து 60%-ஆக ஏறுகிறது. விற்பனை சரிந்துவிட்டது, இரும்பு விலையும் கையைக் கடிக்கிறது என்று அவர் முடிவு எழுதுவார். கணக்கீட்டில் ஒரு பிழையும் இல்லை. முடிவு முழுதும் தவறு.

நிகர வருவாயை எடுத்தால் விற்பனை 20 லட்சம், அதாவது 5% உயர்ந்திருக்கிறது. மூலப்பொருளின் பங்கு மூன்று ஆண்டுகளிலும் அசையாமல் 60%.

இந்தத் தவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கில்மன் சொன்ன வழி இங்கே உதவுகிறது. இரண்டு இனங்களின் போக்கையும் தனித்தனியே காணவேண்டும். 2016-17-ஐ 100 எனக் கொண்டால் மொத்த வருவாயின் போக்கு 100, 91.7, 93.3. மூலப்பொருளின் போக்கு 100, 100, 105. மூலப்பொருள் 5% மட்டுமே ஏறியிருக்க, அதன் பங்கு 53.3-இலிருந்து 60-க்குத் தாவியது என்றால், அந்தத் தாவலின் பெரும்பகுதி அடிப்படையிலிருந்து வந்திருக்கிறது. வாங்கும் பொருள் கூடும்போது விற்பனை எப்படிக் குறையும், கிடங்கிலும் சரக்கு தேங்கவில்லையே என்று கேட்டவுடன், கண் கலால் வரி வரிக்குப் போகும். போக்குப் பகுப்பாய்வு விடையைத் தந்துவிடாது. எந்த இடத்தில் கேள்வி கேட்கவேண்டும் என்று காட்டும்.

பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் பலவும் 2017-18 அறிக்கைகளில், ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வருவாயோடு பிந்தைய வருவாயை ஒப்பிடக்கூடாது என்று குறிப்பெழுதின. புதிய கணக்கியல் தரநிலைகளின்படி அவை கலால் வரியை வருவாயிலேயே சேர்த்து, பிறகு செலவாகக் காட்டின. அதனால் சிக்கல் முதல் வரியிலேயே அமர்ந்திருந்தது. அக்குறிப்பைப் படிக்காமல் ஐந்தாண்டுப் போக்கு எழுதுபவர் 2017-18-இல் இல்லாத ஒரு சரிவைக் கண்டுவிடுவார்.

வினாவை வாசித்தல்

வினாத்தாளில் எண்களுக்கு முன்பாக அடிப்படையைத் தேடவேண்டும். இரண்டு ஆண்டுகள் தந்து ஒப்பீட்டு அறிக்கை கேட்டால், சதவீதத்துக்கு முந்தைய ஆண்டின் அதே இனம் அடிப்படை. இங்கே வேறுபாட்டுத் தொகைகள் கூட்டலுக்கு ஒத்துவரும், சதவீதங்கள் ஒத்துவரா. மேலுள்ள சதவீதங்களைக் கூட்டியும் கழித்தும் இலாபத்தின் சதவீதத்தை எழுதினால் தவறாகிவிடும். அதைத் தனியாகக் கணக்கிடவேண்டும். முந்தைய ஆண்டில் நட்டமோ சுழியமோ இருந்தால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை, தொகை மாற்றத்தை மட்டும் சொல்லவேண்டும்.

பொது அளவு அறிக்கையில் இதற்கு நேர்மாறு. சதவீதங்கள் மேலிருந்து கீழாகக் கூட்டலுக்கு ஒத்துவந்தே தீரவேண்டும், வராவிட்டால் எங்கோ பிழை. இதர வருமானம் இருந்தால் மொத்த வருவாய் 100-ஐத் தாண்டும். அதைக் கண்டு அஞ்சி மொத்த வருவாயை 100 ஆக்கிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 100 என்பது விற்பனை மூலம் பெற்ற வருவாய்க்கே உரியது.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளும் போக்கும் கேட்கப்பட்டால், ஒவ்வோர் ஆண்டையும் முதல் ஆண்டால் வகுக்கவேண்டும், அதற்கு முந்தைய ஆண்டால் அன்று. நம் ஆலையின் மொத்த வருவாய் 2018-19-இல் முந்தைய ஆண்டைவிட 1.8% ஏறியிருக்கிறது. அதே ஆண்டின் போக்கு எண் 93.3. இரண்டும் சரியே. ஒன்று 412.5-இலிருந்தும் மற்றொன்று 450-இலிருந்தும் அளக்கிறது.

முடிவு

ஒப்பீட்டு அறிக்கை நேற்றைய தன்னோடும், பொது அளவு அறிக்கை தன் மொத்தத்தோடும், போக்குப் பகுப்பாய்வு தன் தொடக்கத்தோடும் ஒரு நிறுவனத்தை அளக்கின்றன. இவை தோன்றிய வரலாறு அடிப்படைத் தொகையை இடம்மாற்றிய வரலாறே. மூன்றுக்கும் பொதுவான வரம்பு ஒன்றும் உண்டு: இரும்பு விலை ஏறி அதற்கேற்ப விற்பனை விலையும் திருத்தப்பட்டால், ஓர் உதிரிபாகம்கூடக் கூடுதலாகச் செய்யாமலேயே போக்கு எண் ஏறும்.

நம் வினாத்தாள்கள் இன்று தரும் எண்கள் குறிப்பில்லாத எண்கள். வருவாயில் வரி அடங்குமா என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்து, "இந்த மாற்றம் தொழிலில் நிகழ்ந்ததா, அடிப்படையில் நிகழ்ந்ததா?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். வகுத்தலை மட்டும் அறிந்த மாணவரையும் அறிக்கையை வாசிக்கத் தெரிந்த மாணவரையும் அந்தக் கேள்வி பிரித்துக் காட்டிவிடும்.