ஒரு சிட்டிகை உப்பு

1966-இல் ஒருநாள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்புக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக வேறொன்று அச்சாகி வந்தது: எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும். யாரும் எதையும் உடைக்கவில்லை. அந்த எடிட்டர் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு நிர்வாகி அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. அவ்வளவுதான்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதன் ஆபத்து இதுதான். திருடன் வரவேண்டும் என்றுகூட இல்லை. கோப்பு ஒருமுறை தவறான இடத்துக்குப் போனால் போதும், கதை முடிந்தது.

இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டு, ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-இல் யுனிக்ஸின் கடவுச்சொல் முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். யுனிக்ஸ் கடவுச்சொல்லைச் சேமிக்காது. அதை ஒருவழிக் கணக்கில் போட்டு அரைத்து, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்ளும். இன்று அதை ஹாஷ் என்கிறோம். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது இல்லையா? நீங்கள் உள்ளே நுழையும்போது, தட்டச்சு செய்ததை மறுபடி அரைத்து, விடை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும்.

ஆனால் ஒரு ஓட்டை மிச்சம். ஒரே சொல்லுக்கு எப்போதும் ஒரே ஹாஷ்தான். `123456` என்பதற்கு எஸ்ஹெச்ஏ-1 முறையில் விடை எங்கேயும் `7c4a8d09` என்றே தொடங்கும். அகராதிச் சொற்களை எல்லாம் முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் போட்டு வைத்தால், திருடிய கோப்போடு ஒப்பிடுவதுதான் பாக்கி.

இதற்கு அவர்கள் கொடுத்த மருந்துதான் உப்பு. கடவுச்சொல்லோடு 12 பிட் கொண்ட ஒரு தற்செயல் எண்ணையும் சேர்த்து அரைத்தார்கள். ஒரு சொல்லுக்கு இப்போது 4096 விடைகள் சாத்தியம். திருடனின் பட்டியலும் 4096 மடங்கு பெருக்க வேண்டும். உப்பு ரகசியமில்லை, ஹாஷுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆயிரம் பயனர்களுக்கும் வெவ்வேறு உப்பு என்றால், ஓர் ஊகத்தை எல்லோரிடமும் சோதிக்க ஆயிரம் முறை அரைக்க வேண்டும். உப்பில்லாவிட்டால் ஒரே முறை போதும்.

இவ்வளவும் தெரிந்து 33 ஆண்டுகள் கழித்து, 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் இணையத்தில் வெளியாயின. எஸ்ஹெச்ஏ-1தான், உப்பு இல்லை. ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ஹாஷ். ஒருவருடையது உடைந்தால் அத்தனை பேருடையதும் உடைந்ததாகத்தான் அர்த்தம்.

உப்புக்கும் எல்லை உண்டு. ஒரே ஓர் ஆளைக் குறிவைத்து `123456`-ஐ முயன்று பார்ப்பவனை அது தடுக்காது. அதற்கு அரைப்பதே மெதுவாக இருக்க வேண்டும். யுனிக்ஸ் டிஇஎஸ் கணக்கை 25 முறை ஓட்டியது அதற்காகத்தான். 1999-இல் வந்த பிக்ரிப்ட், கணினிகள் வேகமாக வேகமாக அந்த உழைப்பையும் கூட்டிக்கொள்ள வழி வைத்தது. அதன் உப்பு 128 பிட்.

ஒரு தளத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், அங்கே யாரும் எதையும் அரைக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.