பதுளை விடுதியின் இராச் சாப்பாடு: பட்டியலை எழுதியவர் யார்?

மலையகத்து விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் எங்கே கூடினாலும், அது கொழும்பாக இருந்தாலும் டொரொன்டோவாக இருந்தாலும், பத்து நிமிடங்களில் பேச்சு விடுதிச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். பாடம் நடத்திய ஆசிரியரின் பெயரை மறந்தவர்கூடத் திங்கட்கிழமை இரவு என்ன பரிமாறப்பட்டது என்பதை மறப்பதில்லை. எண்பதுகளில் பதுளையில் விடுதியில் இருந்த எங்கள் தலைமுறையும் அப்படித்தான். எங்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு எதிரிகள் மட்டுமே இருந்தார்கள்: ஒருவர் சமையற்காரர், மற்றவர் விடுதிப் பொறுப்பாசிரியர். வாரம் முழுவதற்குமான உணவுப் பட்டியலை அவ்விருவரும் சதி செய்து எழுதியதாகவே உறுதியாக நம்பினோம்.

பிற்காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான் அந்தப் பட்டியலை எழுதியவர்கள் வேறு எவரோ என்பது விளங்கியது. ஜப்பானியப் படை, சோவியத் தானியக் கொள்வனவாளர்கள், இலங்கையின் நிதியமைச்சர்கள், ரயில் பாதை போட்ட பொறியியலாளர்கள் எனப் பலர் அதில் கைவைத்திருந்தனர். வாரத்தின் ஒவ்வோர் ஏமாற்றமாக எடுத்துப் பார்ப்போம்.

திங்கள் இரவு ரொட்டி. இது வீட்டு ரொட்டியன்று. வீட்டில் ஒரு கிலோ கோதுமை மாவுக்கு ஒரு தேங்காய் துருவிப் பிசைவார்கள். தேங்காயின் எண்ணெய்ப் பசைதான் ரொட்டியை மெதுவாக வைத்திருக்கும். ஊவாவின் மலைகளில் தென்னை செழிப்பதில்லை. தேங்காய் குருநாகல், சிலாபம் பக்கமிருந்து லொறியில் ஏறி வரவேண்டும். ஆகவே விடுதியில் பத்துக் கிலோ மாவுக்கு மூன்று தேங்காய் என்பதே கணக்கு. எஞ்சிய இடத்தைத் தண்ணீரும் உப்பும் நிரப்பின.

நேரக் கணக்கு இன்னும் கொடியது. அறுபது மாணவர், ஆளுக்கு மூன்று என்றால் நூற்றெண்பது ரொட்டி. இரண்டு தட்டுக் கல்லில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு வேகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், முழுவதும் முடிய ஒன்றேகால் மணி நேரம். ஆறரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்க வேண்டுமானால் ஐந்தேகாலுக்கே சுடத் தொடங்க வேண்டும். முதலில் சுட்டவை பெட்டியின் அடியில் கிடந்து மலைக்குளிரில் இறுகிவிடும். தேங்காய் குறைந்த ரொட்டி ஆறினால் என்னவாகும் என்பதை அறிய வாயில் போட வேண்டியதில்லை. தகரத் தட்டில் அது விழும் ஓசையே போதும். பெட்டியில் மேலே கிடக்கும் சூடான ரொட்டி வரிசையின் முன்னால் நின்றவர்களுக்கு. அடியில் கிடக்கும் ரொட்டியும் சம்பல் பாத்திரத்தின் வெறும் மணமும் பின்னால் நின்றவர்களுக்கு. வரிசையில் இடம் பிடிப்பதற்கு நாங்கள் செலவிட்ட உழைப்பைக் கணிதத்தில் செலவிட்டிருந்தால் ஊவாவிலிருந்து இன்னும் பல பொறியியலாளர்கள் தோன்றியிருப்பார்கள்.

சரி, கோதுமை மா விளையாத நாட்டில் கோதுமை ரொட்டி எப்படி வந்தது? இரண்டாம் உலகப்போருக்கு முன்பு இலங்கை தன் அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கியது. அதில் முக்கிய பங்கு பர்மாவினுடையது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது; அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தது, மா போகவில்லை. குறிப்பாகத் தோட்டங்களில் அது நிலைத்துவிட்டது. விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் தொழிலாளிக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ரொட்டியைச் சுட்டுத் துணியில் முடிந்துகொண்டால் கொழுந்து மலையில் நின்றபடியே தின்னலாம். ஆக, திங்கள் இரவின் ரொட்டியில் ரங்கூனின் வீழ்ச்சி இருந்தது. நாங்கள் சமையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

புதன் இரவு சோறும் பருப்பும். சோற்றைப் பற்றிக் குறைசொல்லுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இந்த நாட்டில் சோற்றின் அளவு அரசாங்கங்களைக் கவிழ்த்திருக்கிறது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிக்கூட மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். விடுதியில் நாங்கள் செய்த போராட்டம் தட்டைக் கரண்டியால் தட்டுவது மட்டுமே. எந்தப் பொறுப்பாசிரியரும் அதற்காகப் பதவி விலகியதாக வரலாறு இல்லை.

பருப்பு என்பது இலங்கையில் மைசூர்ப் பருப்பு. பெயரில்தான் மைசூர், பொருள் கப்பலில் வருவது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது அது கடைகளிலிருந்து மறைந்தது. 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டபோது திரும்பி வந்தது. எங்கள் விடுதிக்கு வந்த பங்கு மட்டும் சற்று வெட்கப்பட்டே வந்தது. வீட்டில் ஒரு கிலோ பருப்பை இருபது பேருக்குத் தாராளமாக ஊற்றலாம். விடுதியில் ஒன்றரைக் கிலோவை அறுபது பேருக்கு ஊற்ற வேண்டும். நடுவில் விருந்தாளி மாணவர் ஐவர் வந்தால் பருப்பு கூடுவதில்லை; தண்ணீர் கூடும். அது பருப்பா சொதியா என்ற விவாதம் ஒவ்வொரு புதனும் நடந்து, முடிவு காணாமல் மறுவாரத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளை வீசின. தெற்கில் அதற்குப் ‘பருப்பு’ என்றே பட்டப்பெயர் நிலைத்தது. வடக்கில் உயிர்கள் போய்க்கொண்டிருந்த நேரம் அது. மலையகத்துத் தமிழ் மாணவர் விடுதிக்குள் அதைப் பற்றி உரக்கப் பேசுவது உசிதமன்று. ஆயினும் புதன் இரவு ஒருவன் கரண்டியைத் துழாவியபடி, “வானத்திலிருந்து விழுகிறது, வாளியில் மட்டும் விழமாட்டேன் என்கிறதே” என்று மெல்லச் சொன்னான். அச்சத்தோடு சிரித்த சிரிப்பு அது.

வெள்ளி இரவு கருவாடு. கடலிலிருந்து பதுளை எவ்வளவு தூரம் என்பதைப் புவியியல் பாடத்தைவிட இந்தக் கறியே நன்றாகக் கற்பித்தது. ரயில் பாதை நானுஓயாவுக்கு 1885இல் வந்தது. பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளையைத் தொட 1924 ஆனது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஏற்றிய மீன் பதுளைக்கு வரக் குறைந்தது ஒன்பது பத்து மணி நேரம். அந்த மீன் வாங்கும் வசதியுள்ளவர் வீட்டுக்குப் போகும். விடுதிக்கு வருவது வெயிலில் காய்ந்து, உப்பில் ஊறி, அவசரம் எதுவும் இல்லாமல் பயணம் செய்த கருவாடு.

ஞாயிறு கோழி. வாரம் முழுவதும் எதிர்பார்த்ததால் ஏமாற்றமும் பெரிது. ஐந்து கோழி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு துண்டு, மொத்தம் அறுபது. கழுத்தும் முதுகும் துண்டுக் கணக்கில் முழு உரிமையோடு சேரும். எஞ்சிய பாத்திரம் முழுவதும் உருளைக்கிழங்கு. இதற்கும் காரணம் உண்டு. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் வெலிமடைப் பக்கத்து விவசாயிகள் வயல்களிலும் மேட்டு நிலங்களிலும் கிழங்கு போடத் தொடங்கினார்கள். அறுவடைக் காலத்தில் பதுளையில் மலிவான பொருள் அதுவே. தேங்காயைத் தொலைவிலிருந்து தருவித்து மீனுக்கு ரயிலைக் காத்திருந்த விடுதிக்கு, வாசலில் கிடைத்த ஒரே செல்வத்தை நாங்கள் கோழியை மறைக்கும் சதி என்று கருதினோம்.

இவ்வளவு குறை சொன்ன கூட்டத்தில் குறை சொல்லாதவர் சிலரும் இருந்தார்கள். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள். பசறை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அக்காலத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் நகரத்துக்கு வர வேண்டும். நாளும் போய்வர முடியாத தூரமென்றால் விடுதி. அவர்கள் ரொட்டியின் ஓசையைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

அதன் காரணம் 1973-74இல் இருக்கிறது. 1972இல் சோவியத் ஒன்றியம் உலகச் சந்தையில் பெருமளவு கோதுமை வாங்கியது, விலை ஏறியது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலையும் ஏறியது. இலங்கையில் பங்கீடு வெட்டப்பட்டது. உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு விற்கக்கூடாது என்றானது. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாதபடி வீதித் தடைகள் எழுந்தன. கிராமத்தவர் கொல்லையில் மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். தோட்டத் தொழிலாளிக்குக் கொல்லை இல்லை. லயத்து அறையும், கூலியும், பங்கீட்டு மாவுமே அவருடைய உலகம். மா குறைந்ததும் பட்டினி நேரே அடுப்படிக்கு வந்தது. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாக மீறியது. நகரத்துக்குப் பிச்சைக்கு வந்து பதுளை வீதிகளில் விழுந்தவர்களைக் கண்டவர்கள் எங்கள் காலத்திலும் அதைத் தாழ்ந்த குரலிலேயே சொன்னார்கள். எங்களோடு படித்த தோட்டத்துப் பிள்ளைகள் அந்த ஆண்டுகளில் லயத்தில் குழந்தைகளாக இருந்து பிழைத்தவர்கள்.

விடுதிச் சாப்பாட்டைப் பழிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். அடுத்த வேளை நிச்சயமாக வரும் என்ற நம்பிக்கையே அந்தத் தகுதி. தட்டைத் தட்டியவர்களுக்கு அது பிறப்பிலேயே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அவர்களும் எங்களோடு சேர்ந்து பருப்பைத் திட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் கூச்சல். இன்று பார்த்தால், பதுளை விடுதிகள் கொடுத்த கல்வியில் அதுவும் ஒரு பாடம்.

அந்த நம்பிக்கை நிலையான சொத்து அன்று என்பதை 2022 காட்டியது. அந்நியச் செலாவணி தீர்ந்த அவ்வாண்டில் கோதுமை மாவின் விலையும் பருப்பின் விலையும் பலமடங்கு ஏறின. ரொட்டியையே காலையும் பகலும் தின்னும் லயங்களில் அடி முதலில் விழுந்தது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் கொழும்புக்கு வந்தபோது, மலையகத்துக்கும் அதில் பங்கு போனது. எண்பது ஆண்டுகளுக்கு முன் ரங்கூன் எழுதிய பட்டியலை இம்முறை கொழும்பின் கடன் கணக்கு திருத்தி எழுதியிருந்தது. தேங்காய் குறைந்த அந்தத் திங்கட்கிழமை ரொட்டி, அந்த மாதங்களில் பல வீடுகளில் பாதியாக ஒடித்துப் பங்கிடப்பட்டது.