ஒற்றைப் பொத்தானும் இரண்டு நொடியும்

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் பெருமூளை வாதத்தால் விரல்களைத் தனித்தனியே அசைக்க இயலாதவர். பெரிய விசைகள் கொண்ட விசைப்பலகையிலும் அவரது கை பக்கத்து விசையில் விழுந்தது. கண் அசைவைப் பின்தொடரும் கருவியோ, சன்னல் வெயில் படும் அறையில் தடுமாறியது. இறுதியில் அவருக்குப் பொருந்தியது, உள்ளங்கையால் அழுத்தும் ஒற்றைப் பொத்தான்.

அந்தப் பொத்தான் வேலை செய்யும் முறை எளிது. திரையிலுள்ள எழுத்துக் கட்டங்களில் ஒரு வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் ஒருமுறை அழுத்த வேண்டும். பிறகு அவ்வரிசைக்குள் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகரும். உரிய எழுத்தில் மறுபடி அழுத்த வேண்டும்.

முதல் வாரம் அவர் எழுதியதெல்லாம் பிழையாக வந்தது. "பிள்ளைக்குப் புரியவில்லை" என்றே வீட்டார் முடிவுகட்டினர். பிழைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாமே வேண்டிய எழுத்துக்கு அடுத்த எழுத்துகள்! அறியாமையால் நேரும் பிழை இப்படி ஒரே திசையில் அமையாது. வெளிச்சம் அவர் கையை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. பிழை சிதறி வந்தால் பொத்தான் இருக்கையில் உறுதியாகப் பிணைக்கப்படவில்லை என்றும், ஒரே எழுத்து இரட்டித்தால் கைநடுக்கம் என்றும் சந்தேகிக்கலாம்.

வேகத்தைக் கணிக்கத் துறையில் ஒரு வாய்பாடு உண்டு. வெளிச்சம் வந்தபின் அழுத்த ஆகும் சராசரி நேரத்தை 0.65 ஆல் வகுக்க வேண்டும். அவருக்கு 1.3 நொடி ஆனது. ஆகவே, கட்டத்துக்கு 2 நொடி. பிழைகள் பெரிதும் குறைந்தன.

அடுத்தது எழுத்துகளின் அடுக்கு. வரிசைக்கு ஆறாக, முதல் இரு வரிசைகளில் உயிர், அடுத்த மூன்றில் மெய், கடைசியில் ஆய்தமும் புள்ளியும். இதில் 'நீர்' என்று எழுத ந, ஈ, ர, புள்ளி ஆகிய நான்கு தேர்வுகளுக்கு 6, 5, 10, 8 என 29 நகர்வுகள். அதாவது 58 நொடி. தமிழில் புள்ளி ஓயாமல் வருவது. அகரமோ மெய்யெழுத்து விசைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் தனியே வேண்டும். இரண்டையும் இடம் மாற்றினோம். புள்ளிக்கு 2 நகர்வே போதுமானது. 'நீர்' 46 நொடியில் முடிந்தது.

இந்த மாற்றங்களுக்குச் செலவு ஏதுமில்லை. உடனிருந்து அளந்து பார்க்க ஓர் ஆள்தான் வேண்டும். கருவியை வழங்கிய நாளோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், சில வாரங்கள் கழித்து வீட்டுக்கே சென்று வேகத்தையும் பிணைப்பையும் சரிபார்ப்பதையும் வழங்கலின் பகுதியாக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இருக்கையோடு பிள்ளையைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் ஏற்றி இறக்க எந்தத் தாயாலும் இயலாது. அந்த ஒரு வருகை இல்லாததால், அறிவுள்ள பிள்ளை அறிவற்றதாக எழுதப்பட்டுவிடக் கூடாது.