வெளிநாட்டில் கார்டு: ரிங்கிட்டா, ரூபாயா?

கம்போங் மேடானிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவர் அங்குள்ள கடையில் மலேசிய வங்கி அட்டையை நீட்டும்போது, கருவியின் திரையில் MYR, INR என இரண்டு தேர்வுகள் வரலாம். பழகிய ரிங்கிட்டையே தொடத் தோன்றும். ஆனால், கூடுதல் பணம் போவது அங்கேதான்.

INR-ஐத் தேர்ந்தெடுத்தால், விசா அல்லது மாஸ்டர்கார்டு தனது விகிதத்தில் ரிங்கிட்டாக மாற்றும். அதன்மேல் நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும். MYR என்றால், விகிதத்தை முடிவு செய்வது கடைக்குக் கருவி தந்த தரப்பு. அதன் லாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே இருக்கும்.

கணக்குக்காக 100 ரூபாயை 5 ரிங்கிட் என்று கொள்வோம். 10,000 ரூபாய்ப் பொருளின் விலை 500 ரிங்கிட். வங்கிக் கட்டணம் 2 விழுக்காடு என்றால் 510 ரிங்கிட் ஆகும். கருவியின் விகிதம் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால் 525 ரிங்கிட். சில வங்கிகள் இதன்மேலும் வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரலாம். அங்கே Decline conversion என்பதை அழுத்துங்கள்; மறுப்பது விகிதத்தை மட்டுமே, பணம் வழக்கம்போல் வரும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கான கட்டணம் தனி.

கடை ரசீதில் MYR தொகை இருந்தால், அங்கேயே அதை ரத்து செய்து INR-இல் மறுபடியும் போடச் சொல்லுங்கள்.